மூலைக்கு மூலை அளந்தீர்களா?

“மனை முப்பதுக்கு நாற்பது, வடக்குப் பார்த்தது. ரெண்டு பெட்ரூம், ஹால், கிச்சன், முன்னாடி சின்னதா போர்ட்டிகோ. பிளான் போட எவ்வளவு ஆகும் சார்?”

ஆன்லைனில் வீட்டு பிளான் வரைந்து தரும் டிராப்ட்ஸ்மேன்களின் வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்திகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும். கேட்பவர் துபாயில் வேலை பார்ப்பார், மனை திருவாடானைப் பக்கம் இருக்கும், வரைபவர் தேனியில் உட்கார்ந்திருப்பார். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு டிராப்ட்ஸ்மேன் சிவில் படித்தவர்களும் சிவில் டிப்ளமோ முடித்தவர்களும் வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆட்டோகேட் மென்பொருளைச் சந்தா கட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேடில் ஒப்பேற்றுபவர்களும் உண்டு. எதில் வரைந்தாலும் சிக்கல் ஒன்றுதான்: வரைபவர் அந்த மண்ணை மிதிக்கப் போவதே இல்லை.

அதனால் விவரம் தெரிந்த டிராப்ட்ஸ்மேன், பெட்ரூம் எங்கே வர வேண்டும் என்பதை முதலில் கேட்பதில்லை. நான்கு பக்க அளவோடு, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவும் எடுத்து அனுப்பச் சொல்கிறார். “பத்திரத்திலேயே 30, 40ன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?” என்று பதில் வரும். எதற்கு என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

நான்கு பக்கமும் டேப் பிடித்ததில் முன்னும் பின்னும் 30 அடி, இரு பக்கமும் 40 அடி என்று அச்சுப் பிசகாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனை சதுரமாக மட்டம் பிடித்திருந்தால் இரண்டு குறுக்களவும் 50 அடி வர வேண்டும். 3, 4, 5 கணக்கில் மூலைமட்டம் பார்க்கும் எந்தக் கொத்தனாருக்கும் இது தெரியும். ஆனால் அளந்து பார்த்தால் ஒன்று 51 அடி, இன்னொன்று ஏறக்குறைய 49 அடி. கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் நான்கு கட்டையும் அதே நீளத்தில் இருக்க, கட்டில் மட்டும் சாய்ந்து நிற்குமே, அந்த நிலையில் இருக்கிறது மனை. பின்பக்க எல்லை முழுவதும் ஒரு பக்கமாக 20 அங்குலம் நகர்ந்திருக்கிறது.

பரப்பளவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இப்படிச் சாய்ந்தும் மனையின் பரப்பு 1,199 சதுர அடி வருகிறது. குறைவது ஒரே ஒரு சதுர அடி. பத்திரமும் பட்டாவும் சரியாகத்தான் இருக்கும். இந்தச் சாய்வு தெரியாமல், இரு பக்கமும் 3 அடி விட்டு 24 அடி அகலத்துக்கு வீட்டை வரைந்து அனுப்பினால், வானம் தோண்டக் கயிறு கட்டும் நாளில்தான் குட்டு உடையும். வாசல் பக்கம் 3 அடி சந்து இருக்கும். முன் எல்லையிலிருந்து 36 அடி உள்ளே போனால் ஒரு பக்கம் சந்து ஒன்றரை அடியாகச் சுருங்கி, மறுபக்கம் நாலரை அடியாக விரிந்து கிடக்கும். சந்தைச் சரிக்கட்ட மேஸ்திரி பக்கச் சுவரை எல்லைக்கோட்டுக்கு இணையாகத் திருப்பிவிட்டால், அறைகள் எல்லாம் கோணலாகிவிடும். அது தெரியவருவது டைல்ஸ் ஒட்டும்போது: சுவரோரக் கல் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் சீவலாகவும் வெட்டப்பட்டு நிற்கும்.

குறுக்களவு முன்கூட்டியே கையில் இருந்தால் தீர்வு சிரமமில்லை. வீட்டின் அகலத்தை 24 அடியிலிருந்து இருபத்திரண்டரை அடிக்குக் குறைத்தால் எந்த இடத்திலும் 3 அடிக்குக் கீழே சந்து போகாது, அறைகளும் மூலைமட்டமாக இருக்கும். ஒன்றரை அடி போகிறதே என்று வீட்டுக்காரருக்கு மனசு சங்கடப்படும். காகிதத்தில் சங்கடப்பட்டால் செலவில்லை.

திரையில் இதை வரைவது சில நிமிட வேலை. `UNITS` கட்டளையில் அடி-அங்குல முறையைத் தேர்ந்துகொண்டு முன் எல்லையை `30'` என்று ஒரு கோடாகப் போடுகிறார்கள். அதன் இடது முனையை மையமாக வைத்து, பக்க அளவை ஆரமாகக் கொடுத்து `CIRCLE` கட்டளையில் ஒரு வட்டம். வலது முனையிலிருந்து குறுக்களவில் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம்தான் பின்பக்க இடது மூலை. மறு மூலையைப் பக்க அளவுகளை வைத்தே இதேபோல் பிடித்துவிடலாம். இரண்டாவது குறுக்களவு சோதனைக்கு. `DIST` போட்டுப் படத்தில் அளந்து, வாடிக்கையாளர் அனுப்பிய அளவோடு ஒத்துப்பார்க்கிறார்கள். ஓரிரு அங்குல வித்தியாசம் பரவாயில்லை. அரை அடி இடித்தால், டேப் எங்கோ தொய்ந்திருக்கிறது அல்லது யாரோ எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

எண்ணை எழுதும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊரில் பத்து அடி ஆறு அங்குலத்தை 10.6 என்றுதான் எழுதுவோம். கணக்குப்படி 10.6 அடி என்பது பத்தடி ஏழேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலம் தானே என்று விட்டுவிடலாம், ஆனால் 4.10 என்று வந்தால்? எழுதியவர் மனசில் நாலடி பத்து அங்குலம். தசமமாக எடுத்துக்கொண்டால் நாலடி ஓர் அங்குலம். கதவு நிலைக்கு விட்ட இடத்தில் ஒன்பது அங்குலம் காணாமல் போகும். எண்ணோடு டேப்பையும் சேர்த்து ஒரு போட்டோ கேட்பது இதற்குத்தான். பழைய வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்வார்கள்: அறை அறையாகத் துண்டு துண்டாக அளந்தது போக, வெளிச்சுவரை முழு நீளத்துக்கு ஒரே இழுப்பில் அளந்து அனுப்புங்கள் என்று. உள் அளவுகளோடு சுவர்த் தடிமனைக் கூட்டினால் அந்த வெளி அளவு வர வேண்டும்.

சுவர்த் தடிமன் என்றதும் அடுத்த பேச்சு வந்துவிடுகிறது. வீட்டுக்காரர்கள் நோட்டில் கட்டம் போட்டு அனுப்பும் பிளான்களில் சுவர் வெறும் கோடு. “அகலத்துல ரெண்டு ரூம் பத்துப் பத்து, நடுவுல பாத்ரூம் நாலு, மொத்தம் இருபத்திநாலு” என்று கூட்டிவிடுவார்கள். நம்முடைய மனையில் அகலம் இருபத்திரண்டரை அடி. இரு பக்கமும் 9 அங்குல வெளிச்சுவர் ஒன்றரை அடியைத் தின்றுவிடும். நடுவில் ஒரே ஒரு நாலரை அங்குலக் குறுக்குச்சுவர் வைத்தால் மிஞ்சுவது இருபதடி ஏழரை அங்குலம். இரண்டு அறைகள் தாராளமாக வரும். பாத்ரூமை அந்த வரிசையிலிருந்து எடுத்து முன் அறைக்கும் பின் அறைக்கும் இடையே திருப்பிப் போட வேண்டும்.

திருத்தம் தொடங்குவது இங்கேதான். முதல் படம் போனதும் வீட்டில் ஒருவருக்கு அடுப்பங்கரை அக்னி மூலையில் இல்லை என்று படும். இன்னொருவர் மனையடி சாஸ்திரம் பார்ப்பார். மனையடி பார்ப்பவர்களுக்கு அறையின் உள் அளவு முழு அடியில் வேண்டும். அந்த உள் அளவு செங்கலிலிருந்து செங்கலுக்கா, பூச்சிலிருந்து பூச்சுக்கா என்று கேட்டுக்கொள்ளாத டிராப்ட்ஸ்மேன் பின்னால் வாங்கிக்கட்டிக்கொள்வார். இரு சுவரிலும் அரை அங்குலப் பூச்சு ஏறினால் பத்தடி அறை ஒன்பதடி பதினோரு அங்குலம் ஆகிவிடும். நம்பிக்கை அவரவர் விருப்பம். வாஸ்து பார்ப்பீர்களா, யாரிடம் பார்ப்பீர்கள் என்பதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது தொழில்.

எந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலையின் கனம். ஒற்றைக் கோட்டில் அறைகளை மட்டும் காட்டும் முதல் படத்தில் சமையலறையை இடம் மாற்றுவது அரை மணி நேரம். தூண், படிக்கட்டு, கதவு ஜன்னல் அட்டவணை, ஒவ்வொரு சுவருக்கும் அளவு என்று கட்டுமானப் படம் முடிந்த பிறகு அதே சமையலறையை நகர்த்தினால் ஒரு முழு நாள் போகும். அதனால் முதல் படத்துக்கு வாட்ஸ்அப்பில் “ஓகே” வாங்கிக்கொண்டே அடுத்த படிக்குப் போகிறார்கள். கருத்துகளை மாமா ஒரு நாள், தம்பி ஒரு நாள் என்று அனுப்பாமல், வீட்டில் பேசி முடித்து ஒருவரே ஒரே பட்டியலாக அனுப்பினால் இரண்டு திருத்தங்களில் பெரும்பாலான பிளான்கள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் R0, R1, R2 என்று எண்ணும் தேதியும் போடுவது அலங்காரம் இல்லை. வீட்டுக்காரர் R2-வுக்குச் சம்மதம் சொல்லியிருப்பார். மேஸ்திரியின் போனில் R0 இருக்கும். ஜன்னல் பழைய இடத்தில் எழும்பும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அளவுகளை மங்கலாக்கிவிடும் என்பதால் பி.டி.எஃப். கோப்பாக அனுப்ப வேண்டும். 30க்கு 40 மனை, ஐம்பதில் ஒரு பங்கு அளவில் சாதாரண A4 தாளிலேயே அடங்கிவிடும். அச்செடுக்கும் கடையில் ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்பதைத் தேர்ந்துவிட்டால் மட்டும் ஸ்கேல் போய்விடும்.

கட்டணத்துக்கு வருவோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் ஊர் வழக்கம். கேட்க எளிது, ஆனால் நியாயமாக இருப்பதில்லை. கோணல் மனையில் 600 சதுர அடிக்குள் படிக்கட்டும் இரண்டு பெட்ரூமும் நுழைக்கிற வேலை, காலி நிலத்தில் 2,000 சதுர அடி வீடு போடுவதைவிட அதிகம் மண்டையை உடைக்கும். மணிக்கணக்கில் போடுவது இருதரப்புக்கும் பொருந்துகிறது. அளவு சரிபார்க்க 2 மணி, முதல் படம் 4, இரண்டு திருத்தம் 3, அளவுகளோடு இறுதிப் படம் 5 என்று 14 மணி நேரம் ஆகிறது என்றால், மணிக்கு 300 ரூபாய் வைத்துக்கொண்டாலும் 4,200 ரூபாய். அதை முன்கூட்டியே ஒரே தொகையாகச் சொல்லி, பாதி முன்பணம் வாங்கி, மூன்றாவது திருத்தத்திலிருந்து மணிக்கு 300 என்று எழுதிவிட்டால் பிறகு முகம் சுளிக்க வேண்டியதில்லை. தவறு டிராப்ட்ஸ்மேனுடையது என்றால் அந்தத் திருத்தத்துக்குக் காசு கேட்கக் கூடாது. அளவைத் தப்பாகக் கொடுத்தது வீட்டுக்காரர் என்றால் கேட்கலாம். ஐந்நூறு ரூபாய்க்கு ஒரே நாளில் கிடைக்கும் பிளான், வேறு யாருக்கோ வரைந்த படத்தில் பெயர் மாற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

இந்தப் படத்தால் எது ஆகும், எது ஆகாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கம்பி எத்தனை எம்.எம்., அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதை மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு பெறாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. வேகமான வழிதான். ஆனால் படம் விதிப்படி இருக்கிறது என்று சான்று சொல்பவர் வீட்டுக்காரர். சந்து குறைந்தால் கேள்வியும் அவரிடம்தான் வரும். எனவே மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் கடைசித் திருத்த எண்ணுள்ள பி.டி.எஃப்.போடு மூல DWG கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளை இன்ஜினியரோ மாடி கட்ட வருபவரோ முதலில் கேட்பது அதைத்தான்.