போட்ட வகைக்கெழு சரிதானா? 2-ஐப் போட்டுப் பாருங்கள்

ஒரு சார்பை வகையிட்டு முடித்ததும் பலரும் செய்வது, புத்தகத்தின் கடைசியில் உள்ள விடைப் பக்கத்தைப் புரட்டுவதுதான். தேர்வு அறையில் அந்தப் பக்கம் கிடைக்காது. ஆனால் விடை சரியா என்று சொல்லும் தகவல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பிளஸ் ஒன் வகுப்பில் வரக்கூடிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: f(x) = x/(x² + 1).

வகுத்தல் விதிப்படி இதன் வகைக்கெழு (1 − x²)/(x² + 1)². இதில் வழக்கமாக மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு 1/(2x) என்று எழுதுவது ஒன்று. விதியில் முதலில் வர வேண்டிய உறுப்பைப் பின்னால் போட்டு (x² − 1)/(x² + 1)² என்று குறியை மாற்றிவிடுவது இன்னொன்று. கீழே இருக்கும் வர்க்கத்தை மறந்து (1 − x²)/(x² + 1) என்று நிறுத்திக்கொள்வது மூன்றாவது.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். வகைக்கெழு என்பது வளைகோட்டின் சாய்வு. கோடு ஏறும் இடத்தில் அது மிகை எண், இறங்கும் இடத்தில் குறை எண். நம் சார்பின் மதிப்பு x = 0-இல் 0, 1-இல் 0.5, 2-இல் 0.4, 3-இல் 0.3. இந்த நான்கு புள்ளிகளைக் குறித்தாலே போதும், கோடு 1 வரை ஏறிப் பிறகு இறங்குவது தெரிந்துவிடும். ஆக, 1-க்கு அப்பால் விடை குறை எண்ணாக வர வேண்டும். 1/(2x) அங்கே மிகை எண்ணாகவே நிற்கிறது, தவறு. குறி மாறிய விடையோ, கோடு ஏறும் இடத்தில் இறங்குகிறது என்கிறது, அதுவும் தவறு.

வர்க்கம் மறந்த மூன்றாவது விடையை வரைபடத்தின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்காது. குறி எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது, 1-இல் சுழியும் ஆகிறது. இங்கேதான் அளவைப் பார்க்க வேண்டும். x = 10 என்று வையுங்கள். அந்த விடை −99/101, அதாவது ஏறக்குறைய −0.98 தருகிறது. சார்பின் மதிப்போ அங்கே 0.099 மட்டுமே, 11-க்குப் போனால் 0.090. ஓர் அடியில் 0.009 மட்டுமே இறங்கும் கோட்டின் சாய்வு −0.98 ஆக இருக்க வழியே இல்லை. சரியான விடை அங்கே −0.0097 என்கிறது. பொருந்துகிறது.

எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது பலர் 0 அல்லது 1-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள், கணக்கு எளிது என்பதால். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். நம் கணக்கில் வர்க்கம் மறந்த விடை 0-இல் 1, 1-இல் 0 என்று சரியான விடையோடு அப்படியே ஒத்துப்போகிறது. 0-உம் 1-உம் வர்க்கமானாலும் மாறாத எண்கள், பிழையை மறைத்துவிடும். 2-ஐயோ 0.7-ஐயோ எடுங்கள்.

x = 2-இல் சரிபார்க்க, இருபுறமும் சிறிது நகர்ந்து கணக்கிடலாம். f(2.01) = 0.398802, f(1.99) = 0.401202. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இடைவெளி 0.02-ஆல் வகுத்தால் −0.12 வரும். சூத்திரமும் −3/25, அதே −0.12. வர்க்கம் மறந்த விடையோ −0.6 என்கிறது.

இடைவெளியை மிக மிகச் சிறிதாக்கினால் இன்னும் துல்லியம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கிட்டத்தட்டச் சமமான இரு எண்களைக் கழிக்கும்போது கால்குலேட்டரில் நம்பத்தக்க இலக்கங்கள் அழிந்துபோகும். கடைசியில் சுழியே வந்து நிற்கலாம். 0.01 அல்லது 0.001 போதும். sin, cos உள்ள கணக்கென்றால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரியில் இருந்தால் sin x-க்கு 0-இல் சாய்வு 1 வராமல் 0.01745 வரும், சரியான விடையைத் தவறென்று அடித்துவிடுவீர்கள்.

விடைப் பக்கத்தில் sin 2x என்றிருக்க, நீங்கள் 2 sin x cos x என்று எழுதியிருந்தாலும் கலங்க வேண்டாம். இரண்டிலும் 0.7-ஐப் போடுங்கள், இரண்டும் 0.985 தரும். ஓர் எண்ணில் ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது. ஆனால் 0, 1 போன்றவற்றைத் தவிர்த்து இரண்டு எண்களில் ஒத்துப்போன விடை தவறாக இருப்பது அரிது.

கால்குலேட்டர் அனுமதிக்காத தேர்வில், நம் கணக்குக்கு f(3)-இலிருந்து f(1)-ஐக் கழித்து 2-ஆல் வகுங்கள்: (0.3 − 0.5)/2 = −0.1. இது தோராயம்தான். என்றாலும் −0.12-க்கு அருகில் இருக்கிறது, −0.6, +0.12, +0.25 என்னும் மூன்று தவறான விடைகளையும் ஒரே வரியில் விலக்கிவிடுகிறது. விடைத்தாளின் ஓரத்தில் அந்த ஒரு வரிக்கு இடம் விடுங்கள்.