இரு மடங்கு என்பது ஒரு நாளைக்கு மட்டுமே

கல்லடியிலும் அதனைச் சூழ்ந்த வாவிக்கரைக் கிராமங்களிலும் புலம்பெயர்ந்த உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உழைக்கின்ற பிள்ளைகள் தமது சேமிப்பை எங்கே இடுகின்றார்கள் என்பது, இங்கே அரைகுறையாக நிற்கும் வீட்டின் கூரையுடனும் தங்கையின் திருமணத்துடனும் தொடர்புடைய விடயமாகும். அந்நாடுகளின் பங்குச் சந்தைகளில், சுட்டெண் ஏறினால் அதன் இரு மடங்கு அல்லது மும்மடங்கு இலாபம் தருவதாகக் கூறும் ஒருவகை நிதியங்கள் கைத்தொலைபேசியிலேயே வாங்கக் கிடைக்கின்றன. 'லெவரேஜ்' நிதியங்கள் என்று இவற்றை அழைக்கின்றார்கள். சந்தை நீண்ட காலத்தில் ஏறத்தான் போகின்றது, அப்படியாயின் அதன் மும்மடங்கை ஏன் பெறக்கூடாது என்று கேட்பவர்கள் பலர். இக்கேள்விக்கு உரிய பதிலைச் சிறிது கணக்குடன் விளக்குவதே எமது நோக்கமாகும்.

முதலில் அந்த வாக்குறுதியைச் சரியாகப் படிக்க வேண்டும். இந்நிதியங்கள் தருவதாகக் கூறுவது சுட்டெண்ணின் ஒரு நாள் மாற்றத்தின் இரு மடங்கை மட்டுமே. ஒரு மாதத்தின் இரு மடங்கையோ ஓராண்டின் இரு மடங்கையோ அவை வாக்களிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சந்தை மூடும் வேளையில் நிதியம் தனது கணக்கைப் புதிதாகச் சீரமைத்துக் கொள்கின்றது. அடுத்த நாளின் இரு மடங்கு அன்றைய எஞ்சிய தொகையிலிருந்தே தொடங்குகின்றது. சிக்கல் முழுவதும் இந்த அன்றாடச் சீரமைப்பிலேயே அடங்கியிருக்கின்றது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நிதியத்திடம் முதலீட்டாளரின் பணம் 100 ரூபா இருக்கின்றது. அது இன்னுமொரு 100 ரூபாவைக் கடனாகப் பெற்று 200 ரூபாவுக்குப் பங்குகளை வைத்திருக்கின்றது. நடைமுறையில் இக்கடன் பெரும்பாலும் வங்கிகளுடன் செய்யப்படும் ஒப்பந்தங்களின் உருவில் இருக்கும். எனினும் கணக்கு ஒன்றுதான். முதல் நாள் சுட்டெண் 5 சதவீதம் ஏறி 100 இலிருந்து 105 ஆகின்றது. பங்குகளின் பெறுமதி 210 ஆகின்றது. கடன் 100 ஐக் கழித்தால் முதலீட்டாளருக்கு 110. இரு மடங்கு என்ற வாக்கு அன்று நிறைவேறிவிட்டது.

ஆனால் மறுநாளும் இரு மடங்கைத் தர வேண்டுமாயின் 110 ரூபாவுக்கு 220 ரூபா பங்குகள் வேண்டும். கையில் இருப்பதோ 210. ஆகவே விலை ஏறிய பின்னர் நிதியம் மேலும் 10 ரூபாவைக் கடனாகப் பெற்றுப் பங்குகளை வாங்குகின்றது. இரண்டாம் நாள் சுட்டெண் 5 சதவீதம் இறங்குகின்றது. 220 ரூபா பங்குகள் 209 ஆகின்றன. கடன் 110 ஐக் கழித்தால் எஞ்சுவது 99. இப்போது வைத்திருக்க வேண்டியது 198 ரூபா பங்குகள் மட்டுமே என்பதால், விலை இறங்கிய பின்னர் 11 ரூபா பங்குகளை நிதியம் விற்கின்றது. ஏறியபோது வாங்குவதும் இறங்கியபோது விற்பதும் எந்த வியாபாரியும் விரும்பாத வழி. இந்நிதியமோ தனது விதியின்படியே அதனை நாள்தோறும் செய்கின்றது.

சுட்டெண்ணைப் பார்த்தால், 105 இலிருந்து 5 சதவீதம் குறைந்து 99.75 இல் நிற்கின்றது. அதாவது இரு நாட்களில் 25 சதம் நட்டம். அதன் இரு மடங்கு 50 சதம். ஆனால் நிதியத்தின் நட்டம் ஒரு ரூபா. மேலதிகமான 50 சதத்தை எவரும் திருடவில்லை. அது சீரமைப்பின் விலையாகும். இரு நாட்களில் இது அற்பமாகத் தோன்றும். இதே ஏற்ற இறக்கம் பத்துத் தடவை, அதாவது 20 வர்த்தக நாட்கள் தொடர்ந்தால், சுட்டெண் ஏறக்குறைய 2.5 சதவீதமே இழந்திருக்கும். இரு மடங்கு நிதியம் 9.6 சதவீதத்தை இழந்திருக்கும். மும்மடங்கு நிதியமோ 20 சதவீதத்துக்கும் மேல் இழந்திருக்கும்.

சந்தை இறங்கும்போது இலாபம் தரும் எதிர்த்திசை நிதியங்களும் உண்டு. நட்டப்பட்டவர் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் நின்றவர் இலாபம் பெற்றிருக்க வேண்டும் அல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். அதே இரு நாட்களை எடுத்துக்கொள்வோம். எதிர்த்திசையில் இரு மடங்கு செல்லும் நிதியம் முதல் நாள் 10 சதவீதம் இழந்து 90 ஆகின்றது. மறுநாள் 10 சதவீதம் பெற்று 99 ஆகின்றது. ஏறும் என்று நம்பியவரின் கையிலும் இறங்கும் என்று நம்பியவரின் கையிலும் 99 ரூபாவே எஞ்சுகின்றது. சுட்டெண் இறங்கியிருக்கையில் இறக்கத்தை நம்பியவரும் நட்டப்படுகின்றார் என்பதே இதன் விசித்திரம்.

எனினும் சீரமைப்பு எப்போதும் நட்டத்தையே தரும் என்று கொள்வதும் தவறாகும். சுட்டெண் நான்கு நாட்கள் தொடர்ந்து 5 சதவீதம் ஏறினால் அதன் மொத்த ஏற்றம் ஏறக்குறைய 21.6 சதவீதம். அதன் இரு மடங்கு 43.1. நிதியம் தருவதோ 46.4 சதவீதம். ஒவ்வொரு நாளின் இலாபமும் மறுநாள் முதலாகிவிடுவதே காரணம். நான்கு நாட்கள் தொடர்ந்து இறங்கினாலும் இரு மடங்காகிய 37.1 சதவீதத்தை நிதியம் இழப்பதில்லை. 34.4 சதவீதத்தையே இழக்கின்றது. சுருங்கக் கூறின், ஒரே திசையில் செல்லும் சந்தை இந்நிதியத்துக்கு உதவுகின்றது. முன்னும் பின்னும் ஆடும் சந்தை அதனை அரிக்கின்றது. ஆட்டத்தின் அளவு இங்கே முக்கியமானது. நாளாந்த ஆட்டம் 5 சதவீதமாக இல்லாமல் 1 சதவீதமாக இருந்தால், அரிப்பு ஐந்தில் ஒன்றாக அல்ல, இருபத்தைந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். மறுபுறத்தில், இரு மடங்கிலிருந்து மும்மடங்குக்குப் போனால் அரிப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின்னர், 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் பங்கு மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு முதலீட்டாளர்களுக்கு விடுத்த எச்சரிக்கையில் இதற்கு உதாரணங்கள் காட்டப்பட்டன. 2008 டிசம்பர் 1 முதல் 2009 ஏப்ரல் 30 வரை நிதிச்சேவை நிறுவனங்களின் சுட்டெண் ஒன்று ஏறக்குறைய 8 சதவீதம் ஏறியிருந்தது. அதன் நாளாந்த மாற்றத்தை மும்மடங்காக்கும் நிதியம் 53 சதவீதம் வீழ்ந்தது. எதிர்த்திசையில் மும்மடங்கு செல்லும் நிதியம் 90 சதவீதம் வீழ்ந்தது. வங்கிப் பங்குகள் நாள்தோறும் பெருமளவில் ஏறியும் இறங்கியும் ஆடிய மாதங்கள் அவை.

அண்மைய உதாரணம் இன்னும் நுட்பமானது. நாஸ்டாக் 100 சுட்டெண்ணின் நாளாந்த மாற்றத்தை மும்மடங்காக்கும் TQQQ என்ற நிதியம் உலகெங்கும் பலராலும் வாங்கப்படுவது. 2022 இல் அச்சுட்டெண் ஏறக்குறைய 33 சதவீதம் வீழ்ந்தது. மும்மடங்கு என்றால் 99 சதவீதம். ஆனால் நிதியம் 79 சதவீதமே வீழ்ந்தது. 2023 இல் சுட்டெண் ஏறக்குறைய 54 சதவீதம் ஏறியது. மும்மடங்கு என்றால் 162 சதவீதம். நிதியமோ 198 சதவீதம் ஏறியது. இரு ஆண்டுகளிலும் நிதியம் மும்மடங்கைக் காட்டிலும் நல்ல பெறுபேற்றையே தந்தது எனலாம்.

ஆயினும் இரு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் காட்சி தலைகீழாகின்றது. 2021 இன் முடிவில் ஏறக்குறைய 16,320 புள்ளிகளாக இருந்த சுட்டெண் 2023 இன் முடிவில் ஏறக்குறைய 16,826 புள்ளிகளில் நின்றது. அதாவது 3 சதவீத ஏற்றம். நிதியத்தில் இட்ட 100 டொலர் முதலாண்டில் 21 டொலராகச் சுருங்கியது. அந்த 21 ஏறக்குறைய மூன்று மடங்காகி 62 டொலரானது. சுட்டெண் முழுமையாக மீண்டபோது நிதியத்தை வைத்திருந்தவர் 38 சதவீத நட்டத்தில் நின்றார். 21 டொலர் மீண்டும் 100 ஆவதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்காக வேண்டும். 198 சதவீதம் என்ற பிரமாண்டமான எண்ணும் அதற்குப் போதவில்லை. நிதியத்தின் கட்டணமும், அக்காலத்தில் அமெரிக்காவில் உயர்ந்துகொண்டிருந்த வட்டியும் இந்நட்டத்தில் ஒரு பங்கு வகித்தன. கடன் பெற்று நடத்தப்படும் நிதியத்தில் வட்டிச் செலவு முதலீட்டாளரின் தோளிலேயே விழும்.

இன்னுமொரு வரம்பும் உண்டு. நாளாந்தச் சீரமைப்புக்கு நாளாந்தம் திறந்திருக்கும் சந்தை வேண்டும். எமது கொழும்புப் பங்குச் சந்தை 2022 ஏப்ரல் 18 முதல் 22 வரை ஐந்து நாட்கள் மூடப்பட்டிருந்தது. 25 ஆம் திகதி திறந்தபோது முன்னணி 20 நிறுவனங்களின் சுட்டெண் 10 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்ததால் அன்றைய வர்த்தகம் இடையில் நிறுத்தப்பட்டது. அத்தகைய நாளில் மும்மடங்கு நிதியம் ஒன்று இருந்திருந்தால், 30 சதவீதத்தை இழந்த நிலையில், விற்க வேண்டிய பங்குகளை விற்கவும் இயலாமல் நின்றிருக்கும். ஒரே நாளில் சுட்டெண் மூன்றில் ஒரு பங்கை இழந்தால் மும்மடங்கு நிதியத்தில் எஞ்சுவதற்கு எதுவும் இல்லை.

இந்நிதியங்களை மோசடி என்று நாம் கூறவில்லை. அவை தாம் எழுதிக்கொடுத்த ஒரு நாள் வாக்கைப் பெரும்பாலும் நிறைவேற்றவே செய்கின்றன. சந்தையை நாள் முழுதும் கவனித்து, ஓரிரு நாட்களுக்குள் வாங்கி விற்பவர்களுக்கென அமைந்த கருவிகள் அவை. ஊருக்கு அனுப்புவதற்கெனச் சேர்க்கும் பணத்தை ஆண்டுக்கணக்கில் இட்டு வைப்பவரின் கையில் அவை வேறொன்றாகி விடுகின்றன. வாங்குமுன் பெயரில் 2x, 3x, -2x போன்ற குறிகளோ Daily என்ற சொல்லோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர், சுட்டெண் மாறாமல் நின்று ஆட்டம் மட்டும் நிகழ்ந்தால் ஓராண்டில் நிதியத்துக்கு என்ன நேரும் என்பதைக் காட்டும் அட்டவணையை அதன் விளக்க ஏட்டில் தேட வேண்டும். அமெரிக்க நிதியங்களின் ஏடுகளில் அது வழமையாக இடம்பெறுகின்றது. 'சந்தை ஏறும்' என்று நம்புவது இங்கே போதாது. அது எந்த வழியாக ஏறும் என்பதையும் சரியாகக் கணித்தவருக்கே மும்மடங்கு கிட்டும். அத்தகைய கணிப்பை நம்பிக் குடும்பத்தின் சேமிப்பை இடுவது விவேகமாகாது என்பதே எமது கருத்தாகும்.