கேட்காமலே பெறப்படும் ஒப்புகை

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் வந்த நாட்களில், நாம் அதில் கையொப்பமிட்ட பிறகே அது அனுப்புநருக்குத் திரும்பிச் சென்றது. மின்னஞ்சலிலும் இதற்கு நிகரான 'வாசிப்பு ஒப்புகை' உண்டு. அனுப்புநர் அதைக் கோரினால், பெரும்பாலான செயலிகள் "அனுப்பலாமா?" என்று நம்மைக் கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அலுவலகக் கணக்குகளில் மட்டும் நிர்வாகியின் ஏற்பாட்டால் அது தானாகவே சென்றுவிடக்கூடும். ஆனால் நம்மைக் கேட்காமலே பெறப்படும் ஒப்புகை ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கருவியாக அமைவது ஒரு படம்.

மின்னஞ்சலில் நாம் காணும் படங்கள் எல்லாம் மடலோடு சேர்ந்து வருவதில்லை. பல படங்களுக்கு முகவரி மட்டுமே மடலில் இருக்கும். மடலைத் திறக்கும் கணத்தில், அந்த முகவரியிலுள்ள சேவையகத்திடம் நம் செயலி படத்தைக் கேட்டுப் பெறுகிறது. கேட்பவர் யார், எப்போது கேட்டார் என்பதைச் சேவையகம் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனி முகவரியிட்ட படத்தை வைத்துவிட்டால், திறந்தவர் யார் என்பது தெளிவாகிவிடும். படம் கண்ணில் படவேண்டிய தேவையும் இல்லை. ஒரே ஒரு புள்ளி அகலமும் ஒரு புள்ளி உயரமும் கொண்ட, நிறமற்ற படமே போதும்; இதைத்தான் 'கண்காணிப்புப் பிக்சல்' என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "உங்கள் கேஒய்சி இன்று காலாவதியாகிறது" என்ற தலைப்பில் மோசடியாளர் ஒருவர் பல்லாயிரம் முகவரிகளுக்கு மடல் அனுப்புகிறார். அவற்றில் எத்தனை முகவரிகள் பயன்பாட்டில் உள்ளன என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மடலின் அடியிலும் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```
<img src="https://example.com/o.gif?id=7f3a91" width="1" height="1">
```

நம் வாடிக்கையாளர் ஒருவர் இரவு 9.40 மணிக்கு அதைத் திறக்கிறார். சந்தேகம் எழவே, எந்த இணைப்பையும் தொடாமல் அழித்துவிடுகிறார். அவர் செய்தது சரியே. ஆயினும் 7f3a91 என்ற எண்ணுக்குரிய முகவரி உயிருடன் இருக்கிறது, அதன் உரியவர் வங்கி பற்றிய மடலைத் திறந்து பார்ப்பவர், இரவில் கைபேசியில் படிப்பவர் என்பன பதிவாகிவிட்டன. படம் நேரடியாகக் கேட்கப்பட்டிருந்தால், ஐபி முகவரியைக் கொண்டு அவருடைய ஊரையும் இணையச் சேவை நிறுவனத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். வீட்டு முகவரி அதில் கிடைக்காது. அடுத்த மடல் இந்தக் குறிப்புகளுக்கு ஏற்பத் தீட்டப்பட்டு வரக்கூடும்.

2013 டிசம்பர் முதல் ஜிமெயில், படங்களைக் கூகுளின் சேவையகம் வழியாகப் பெற்றுத் தருகிறது. இதனால் நம் ஐபி முகவரி மறைகிறது. ஆனால் படத்தின் முகவரி தனித்தன்மை உடையது அல்லவா? திறக்கப்பட்டது என்ற செய்தி அப்போதும் போய்ச் சேரும். ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த ஏற்பாடு வேறு வகையானது. அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் முன்கூட்டியே பெறப்படுகின்றன. அனுப்புநருக்குக் கிடைக்கும் 'திறப்பு'க் கணக்கு பொருளற்றதாகிவிடுகிறது. கேட்பவரையே குழப்பிவிடும் இந்த உபாயத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

எளிய வழி, படங்களை நம் அனுமதியின்றிப் பெறவேண்டாம் என்று செயலிக்குச் சொல்லிவிடுவதே. ஜிமெயிலைக் கணினியில் பயன்படுத்துவோர் Settings பகுதியில் See all settings சென்று, General பிரிவில் Images என்பதற்கு நேரே Ask before displaying external images என்பதைத் தேர்ந்து, கீழே Save Changes அழுத்த வேண்டும். கைபேசிச் செயலியிலும் அமைப்புகளில் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் இதே தெரிவு கிடைக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இதைச் செய்யவேண்டும். தண்டர்பேர்ட் செயலியில் இத்தடை தொடக்கத்திலேயே இருக்கிறது.

இதன்பின் சில மடல்கள் வெற்றுக் கட்டங்களுடன் தோன்றும். எழுத்துகளைப் படிக்கத் தடையிராது. இணைப்பாக வரும் கணக்கு அறிக்கை பிடிஎஃப் கோப்பும் வழக்கம்போல் திறக்கும். அது மடலோடு வருவது. படம் தேவைப்பட்டால் அந்த ஒரு மடலுக்கு மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் அனுமதிக்கும்போது, தெரியும் படங்களோடு தெரியாத பிக்சலும் சேர்ந்தே வரும் என்பதை நினைவில் கொள்க. வங்கியின் சின்னத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று படத்தைத் திறப்பதும் பயனற்றது. சின்னத்தை எவரும் நகலெடுக்கலாம். அச்சின்னமே கண்காணிப்புப் படமாகவும் இருக்கலாம்.

இணைப்புகளுக்கு இத்தடை பொருந்தாது. அவற்றின் முகவரியிலும் பெறுநருக்குரிய தனி எண் இருக்கலாம். தொட்ட கணமே அது அனுப்புநரைச் சென்றடையும். எனவே கேஒய்சி பற்றிய மடல் வந்தால் அதிலுள்ள இணைப்பை விடுத்து, வங்கியின் செயலியைத் தாமே திறந்தோ கிளைக்கு நேரில் வந்தோ சரிபார்த்துக்கொள்ளலாம்.