ஓவர்டைம் பாக்கி: கணக்கோடு கேளுங்கள்

“ஓவர்டைம் பணம் குறைகிறது” என்று மட்டும் எழுதினால், மனிதவளப் பிரிவு “பார்க்கிறோம்” என்று சொல்லிவிடும். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன விகிதம் என்ற மூன்றும் கடிதத்தில் இருந்தால் அவர்கள் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் தவறு விகிதத்தில்தான் நடக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஓவர்டைம் இரட்டிப்பு ஊதியம் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஆனால் எதை இரட்டிப்பது? அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியும் சேர வேண்டும். பல இடங்களில் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒருவரின் அடிப்படை 12,480 ரூபாய், பஞ்சப்படி 8,320 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,800. அதை 26 நாள், 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 100 ரூபாய், இரட்டித்தால் 200. மார்ச் 4-இல் 3 மணி, 11-இல் 2 மணி, 19-இல் 4 மணி கூடுதலாக உழைத்திருக்கிறார். 9 மணிக்கு 1,800 வர வேண்டும். சம்பளச் சீட்டிலோ 1,080. அடிப்படையை மட்டும் வகுத்தால் மணிக்கு 60, இரட்டித்தால் 120. தவறு எங்கே என்று அந்த எண்ணே காட்டிவிடுகிறது. பாக்கி 720 ரூபாய்.

கடிதத்தில் இதை அப்படியே எழுதி, வருகைப் பதிவின் நகலையும் சம்பளச் சீட்டையும் இணையுங்கள். நிறுவனக் கொள்கையில் விகிதம் சொல்லும் பத்தியின் எண்ணைக் குறிப்பிடுங்கள். இரவு ஷிப்ட் படி நாளுக்கு இவ்வளவு என்று தனியாக வருவது. அதை ஓவர்டைம் மணிக்கணக்கோடு கலந்தால் இரண்டும் குழம்பும். மேற்பார்வையாளர் வாய்மொழியாக நிற்கச் சொன்ன நாள்தான் தகராறாகும். அன்றிரவே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வைத்திருந்தால் அதுவே சான்று.