நிஃப்டி நகரவில்லை, பிரீமியம் ஏன் கரைகிறது?

நிஃப்டி 25,000 புள்ளியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்குள் ஏறிவிடும் என்று நம்பும் ஒருவர் 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 343 புள்ளி பிரீமியம் கொடுத்து வாங்குகிறார். எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்க்கிறார். நிஃப்டி அதே 25,000. ஆனால் அவர் கையில் இருக்கும் ஆப்ஷன் இப்போது 280-க்குத்தான் விலைபோகிறது. ஒரு லாட்டில் 75 யூனிட் என்று கணக்குப் போட்டால், 4,725 ரூபாய் போய்விட்டது. நிஃப்டியில் உள்ள பங்குகளையே வாங்கி வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. விலை நின்றால் முதலும் நின்றிருக்கும்.

மற்றதெல்லாம் மாறாமல் ஒரு நாள் மட்டும் கழிந்தால் ஆப்ஷனின் விலை எவ்வளவு குறையும் என்று சொல்லும் அளவுக்குத்தான் தீட்டா என்று பெயர். நாள் போகப் போக ஆப்ஷன் கரையும் என்பது வர்த்தகம் செய்யும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதற்காகக் கரைகிறது, எந்த வேகத்தில் கரைகிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இங்கே வரும் விலைகள் எல்லாம் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்ட கணக்கு. வட்டியைப் பூஜ்யம் என்றும், சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தை, அதாவது ஐ.வி.யை, ஆண்டுக்கு 12 சதவீதம் என்றும் வைத்திருக்கிறேன்.

343 புள்ளிக்கு என்ன கிடைத்தது?

ஆப்ஷன் விலையில் இரண்டு பங்கு உண்டு. இப்போதே கணக்கை முடித்தால் கைக்கு வரக்கூடியது உள்ளார்ந்த மதிப்பு. மீதி கால மதிப்பு. நிஃப்டி 25,000-இல் இருக்கும்போது 25,000 கால் ஆப்ஷனின் உள்ளார்ந்த மதிப்பு பூஜ்யம். ஆகவே அவர் கொடுத்த 343-ம் கால மதிப்புதான்.

அந்தப் பணத்துக்கு அவர் வாங்கியது ஒரு பக்கம் சாய்ந்த ஒப்பந்தம். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 26,000-க்குப் போயிருந்தால் அவருக்கு 1,000 புள்ளி கிடைக்கும். 24,000-க்கு விழுந்திருந்தால் அவர் 1,000 கொடுக்க வேண்டியதில்லை. கணக்கு பூஜ்யத்தோடு முடிந்துவிடும். எனவே நிஃப்டி இரு பக்கமும் எவ்வளவு தூரம் போகக்கூடுமோ அவ்வளவுக்கு இந்த ஒப்பந்தத்துக்கு மதிப்பு. மேலே தூரம் கூடினால் ஆதாயம் கூடுகிறது. கீழே தூரம் கூடினாலும் நஷ்டம் கூடுவதில்லை.

ஐ.வி. 12 சதவீதம் என்றால், 30 நாளில் நிஃப்டி வழக்கமாக விலகக்கூடிய தூரம் ஏறக்குறைய 860 புள்ளி. அதாவது மூன்றில் இரண்டு முறை 25,000-க்கு 860 மேலே அல்லது கீழே என்ற எல்லைக்குள் முடியும் என்று சந்தை கணிக்கிறது. நடக்கக்கூடிய எல்லா முடிவுகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் கால் ஆப்ஷன் தரும் தொகையைச் சராசரி போட்டால், அந்த 860-இல் சுமார் 0.4 பங்கு வரும். அதுதான் 343.

பத்து நாள் கழிந்ததும் மிச்சம் 20 நாள். அதற்குள் நிஃப்டி போகக்கூடிய தூரம் 702 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அதில் 0.4 பங்கு 280. நிஃப்டி நின்ற இடம் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது போகக்கூடிய தூரம் சுருங்கியது. வாங்கியவர் விலை கொடுத்திருந்தது அந்தத் தூரத்துக்குத்தான்.

வேகம் ஏன் ஒரே சீராக இல்லை?

30 நாளில் 343 என்றால் நாளுக்கு 11.4 வீதம் குறையும் என்று எண்ணத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. நிஃப்டி அசையாமல் நின்றால் பிரீமியம் இப்படி இறங்கும்:

| மிச்சமுள்ள நாள் | பிரீமியம் |
|---|---|
| 30 | 343 |
| 20 | 280 |
| 10 | 198 |
| 5 | 140 |
| 1 | 63 |
| 0 | 0 |

முதல் நாளில் கரைவது 6 புள்ளிகூட இல்லை. கடைசி நாளில் மட்டும் 63 புள்ளி கரைகிறது. விலையின் போக்கு ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று தன்னைத்தானே பாதி அழித்துக்கொண்டு நகர்வதே காரணம். அதனால் நான்கு மடங்கு நாள் கொடுத்தாலும் விலகும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். தூரம் நாளோடு வளர்வதில்லை. நாளின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. லூயி பாஷிலியே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1900-இல் பாரிஸில் அளித்த ஆய்வேட்டிலேயே இதைக் காட்டிவிட்டார். ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட சூத்திரத்திலும் இதே வர்க்கமூலம்தான் இருக்கிறது. இதைத் திருப்பிப் படித்தால், 30 நாளில் ஒரு நாள் போவது சிறிய வெட்டு. மிச்சமிருப்பதே ஒரு நாள் என்னும்போது அது போவது முழு வெட்டு.

“கடைசி வாரத்தில்தான் தீட்டா கடிக்கும்” என்று சொல்வார்கள். அது நிஃப்டி நிற்கும் இடத்தை ஒட்டிய ஸ்ட்ரைக்குக்கு மட்டும் பொருந்தும். அதே 30 நாளில் 25,500 கால் ஆப்ஷனை 152-க்கு வாங்கியிருந்தால் கதை வேறு. பத்து நாளில் அது ஏறக்குறைய 100-க்கு வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு காலி. 25,000 ஆப்ஷன் அதே பத்து நாளில் இழந்தது ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது 25,500 ஆப்ஷன் 24-க்கு வந்திருக்கும். கடைசி நாட்களில் கரைவதற்கு அதில் அதிகம் மிச்சமிருக்காது. விலை குறைவு என்று தூரத்து ஸ்ட்ரைக்கை வாங்கி, கடைசி வாரத்துக்கு முன்பு விற்றுவிடலாம் என்று காத்திருப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

தீட்டாவுக்கு ஈடாகக் கிடைப்பது

நாள்தோறும் கழியும் இந்தத் தொகை வீணாகப் போகிறதா? இல்லை. ஆப்ஷன் வாங்கியவருக்குக் காமா என்ற ஒன்று கிடைக்கிறது. நிஃப்டி ஏற ஏற அவருடைய லாபத்தின் வேகம் கூடும். இறங்க இறங்க நஷ்டத்தின் வேகம் குறையும். இதன் மதிப்பைத் தனியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த 25,000 கால் ஆப்ஷனை வாங்கியவர், அதில் பாதி அளவுக்கு நிஃப்டி ஃபியூச்சரையும் விற்று வைக்கிறார். இப்போது ஏற்றம், இறக்கம் இரண்டிலும் அவருக்குச் சார்பு இல்லை.

மறுநாள் நிஃப்டி 157 புள்ளி ஏறினால் ஃபியூச்சரில் சுமார் 78 புள்ளி நஷ்டம். கால் ஆப்ஷனோ அதைவிட 5.7 புள்ளி கூடுதலாக ஏறும். 157 புள்ளி இறங்கினாலும் அதே 5.7 மிஞ்சும், ஃபியூச்சரில் வரும் லாபம் ஆப்ஷனின் நஷ்டத்தைவிட அவ்வளவு அதிகமாக இருக்கும். அதே ஒரு நாளில் தீட்டா எடுத்துக்கொள்வதும் 5.7 புள்ளிதான். இரண்டும் சரிக்குச் சரி.

இந்த 157 தற்செயலான எண் இல்லை. ஆண்டுக்கு 12 சதவீத ஏற்ற இறக்கத்தை ஒரு நாளுக்குச் சுருக்கினால் வருவது அதுவே. நிஃப்டி நாளொன்றுக்கு இந்த அளவு அசையும் என்று வைத்தே பிரீமியம் போடப்பட்டிருக்கிறது. ஒரு நாள் 200 புள்ளி அசைந்தால் வாங்கியவருக்கு 3.6 புள்ளி ஆதாயம். 100 மட்டும் அசைந்தால் 3.4 நஷ்டம். அசையவே இல்லை என்றால் முழு 5.7-ம் நஷ்டம். ஆகவே ஆப்ஷன் வாங்கியவருக்கு ‘சந்தை நின்றது’ என்பது நடுநிலையான முடிவு அல்ல. அசைவின் மேல் கட்டிய பந்தயத்தில் அது மோசமான தோல்வி.

இதன் மறுபக்கம் ஆப்ஷன் விற்றவருடையது. தீட்டா அவருக்கு வருமானம். அசைவு அவருக்குச் செலவு. 2024 ஜூன் 4-ஆம் தேதி, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அன்று, நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து 21,884-இல் முடிந்தது. அப்படி ஒரு நாள் விற்றவர்களின் பல வாரத் தீட்டாவை ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

திசை சரியாக இருந்தும் நஷ்டம்

ஃபியூச்சர் எதுவும் இல்லாமல் வெறும் கால் ஆப்ஷனை வைத்திருப்பவருக்குத் திரும்புவோம். அந்தப் பத்து நாளில் நிஃப்டி 100 புள்ளி ஏறி 25,100 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன திசை சரி. ஆனால் ஆப்ஷனின் விலை சுமார் 334. வாங்கியதைவிட 9 குறைவு. 100 புள்ளி ஏற்றம் தந்தது 54-ஐ ஒட்டி. பத்து நாள் எடுத்துக்கொண்டது 63.

எல்லாக் குறைவையும் தீட்டாவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஐ.வி. 12-இலிருந்து 13-க்கு ஏறினாலே 30 நாள் ஆப்ஷன் சுமார் 29 புள்ளி கூடும். ஐந்து நாள் தீட்டா அதில் மறைந்துவிடும். பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற நாட்களுக்கு முன்பு பிரீமியம் கரையாமல் நிற்பது போலத் தெரிவது இதனால்தான். நிகழ்வு முடிந்ததும் ஐ.வி. சரியும், மறைந்திருந்த கரைவு ஒரே நாளில் தெரியவரும். எது காரணம் என்று பிரித்தறிவது கடினமில்லை. வாங்கும்போது ஆப்ஷன் செயினில் இருந்த ஐ.வி.யைக் குறித்து வைத்தால் போதும். நிஃப்டி மாறாமல், பிரீமியம் மட்டும் தீட்டா சொன்னதைவிட அதிகமாக விழுந்திருந்தால், ஐ.வி. இறங்கியிருக்கிறது என்று பொருள். செயலியில் தெரியும் தீட்டா பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு உரியது. அதை லாட் அளவால் பெருக்கினால்தான் ரூபாய்க் கணக்கு வரும்.

பத்து நாளுக்குள் நகர்வு வரும் என்று நம்புகிறவர் பத்து நாள் ஆப்ஷனை வாங்க வேண்டும் என்பதில்லை. 60 நாள் உள்ள 25,000 ஆப்ஷன் 485. பத்து நாள் வைத்திருந்து விற்றால், நிஃப்டி நகராதபோது 42 புள்ளி கழியும். 30 நாள் ஆப்ஷனில் அதே பத்து நாளுக்கு 63. பத்து நாள் ஆப்ஷனை எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் 198-ம் போகும். ஆனால் நீண்ட ஆப்ஷனுக்கு முதல் அதிகம் வேண்டும், காமா குறைவு, ஐ.வி. இறங்கினால் அடியும் பெரிது. தீட்டாவைக் குறைக்கலாம், அதற்கு ஈடாக இந்த மூன்றையும் ஏற்க வேண்டியிருக்கும்.