பாலைவனத்தில் ஒரு பென்குயின்

மாலை வெயிலில் ஒரு மணல்மேடு. அதன்மேல் எம்பரர் பென்குயின் ஒன்று, பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் நிற்கிறது. படத்தைப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரவேண்டுமென்றால், ஒரு கணமாவது அவர் கண் அதை நம்பிவிட வேண்டும். வெட்டி ஒட்டியது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டால் வேடிக்கை எடுபடாது. அந்த ஒரு கண நம்பிக்கையை ஒளிதான் தரமுடியும்.

முதலில் படிக்கவேண்டியது மணல் படத்தைத்தான். அதில் ஏதாவது ஒரு செடி இருக்கும். சமதரையில் அதன் நிழல் செடியின் உயரத்தைப்போல் 1.7 மடங்கு இருந்தால், சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் ஒரு மீட்டர் உயரப் பென்குயினுக்கு 1.7 மீட்டர் நிழல் விழவேண்டும்.

அடுத்தது, எந்தப் பென்குயினை வெட்டி எடுப்பது? மேகமூட்டமான நாளில் எடுத்த படமே நல்லது. அந்த ஒளிக்குத் திசை கிடையாது. நமக்கு வேண்டிய பக்கத்தில் பிறகு வெயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். சுள்ளென்ற வெயிலில் எடுத்த படமென்றால் அலகின் கீழும் சிறகின் கீழும் நிழல் அழுத்தமாகப் பதிந்திருக்கும். படத்தை இடவலமாகத் திருப்பலாமே தவிர, அந்தச் சூரியனை மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ வழியில்லை.

இனி நிழல். பலர் வெட்டிய உருவத்தையே நகலெடுத்துக் கறுப்பாக்கி, தரையில் சாய்த்துவிடுகிறார்கள். ஆனால் நிழல் என்பது சூரியனின் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் உருவக்கோடு. பென்குயின் நம்மைப் பார்த்து நிற்கிறது, வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்றால், மணலில் விழவேண்டியது அதன் பக்கவாட்டு உருவம்: நீண்ட அலகு, முன்தள்ளிய வயிறு. அதற்கு வேறொரு பக்கவாட்டுப் படத்தைத் தேடி எடுத்துச் சாய்க்கவேண்டும். சூரியன் பென்குயினுக்கு நேர் பின்னாலோ, படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் மட்டுமே நகல் வேலைக்கு ஆகும்.

நிழலின் விளிம்பும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சூரியன் வானில் அரை டிகிரி அகலமுள்ள ஒரு வட்டு. அதனால் நிழலைத் தரும் பொருள் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் நிழலின் விளிம்பு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மங்கும். பென்குயினின் தலையிலிருந்து அதன் நிழல் விழும் இடம், கதிர் வரும் வழியில் 2 மீட்டர். அங்கே மங்கல் 2 சென்டிமீட்டர். கதிர் சாய்வாக விழுவதால் தலை நிழலின் நுனியில் அது 4 சென்டிமீட்டர்வரை நீளும். பாதத்தருகே விளிம்பு கூர்மை, தலைக்குப் போகப்போக மென்மை. மொத்த நிழலையும் ஒரே அளவில் மங்கலாக்கினால் இந்த அழகு போய்விடும்.

நிறத்துக்குக் கறுப்பு கூடாது. வெயில் படாத மணலிலும் நீல வானத்தின் ஒளி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. செடியின் நிழலிலிருந்தே நிறத்தை எடுத்து, அந்த அடுக்கை மல்டிப்ளை முறையில் வைத்தால் மணலின் வரிகள் நிழலுக்குள்ளும் தெரியும்.

பாதத்துக்கும் மணலுக்கும் இடையிலான இடுக்கில் வானொளியும் நுழையாது. அங்கே மிக மெல்லிய, மிக இருண்ட ஒரு கோடு வேண்டும். அது இல்லாவிட்டால் பென்குயின் மிதக்கும். 1997-இல் டேனியல் கெர்ஸ்டனும் அவருடைய சகாக்களும் இதையொட்டிய ஒரு சோதனையைக் காட்டினார்கள்: பெட்டிக்குள் நகரும் பந்தின் பாதையை மாற்றாமல் நிழலின் பாதையை மட்டும் மாற்றியபோது, பந்து தரையோடு உருள்வதாகவோ மேலே எழும்புவதாகவோ கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை நம் கண் நிழலைக் கேட்டே முடிவுசெய்கிறது.

எனக்கு மிகப் பிடித்த இடம் பென்குயினின் வெள்ளை வயிறு. சுற்றியுள்ள எல்லா ஒளியையும் அது அப்படியே வாங்கிக்கொள்ளும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புவதால், அண்டார்க்டிகாவில் எடுத்த படத்தில் வயிற்றின் அடிப்பகுதியும் பளிச்சென்றிருக்கும். உலர்ந்த மணல் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் திருப்புகிறது, அதுவும் பொன்னிறத்தில். ஆகவே வயிற்றின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் இருட்டாக்கி மஞ்சள் ஏற்றவேண்டும். வெயில் படும் இடது ஓரம் வெதுவெதுப்பான மஞ்சள். நிழல் படிந்த வலப்பக்கத்தின் மேல்பகுதியில் இலேசான நீலம். முதுகின் கறுப்பு, அதே தொலைவிலுள்ள செடியின் மிக இருண்ட இடத்தைவிட அதிகம் ஆழமாக இருக்கக்கூடாது. வெட்டிய விளிம்பில் ஒட்டிவந்த பனியின் வெண்கோட்டையும் ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளி நீக்கிவிட வேண்டும்.

படங்களின் உண்மையை ஆராயும் ஹானி ஃபரீத், மேரி பிராவோவுடன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நிழல்களின் திசை ஒன்றோடொன்று பொருந்தாததைப் பலரும் கவனிப்பதில்லை என்று கண்டார். நிழலின் ஒரு புள்ளியிலிருந்து அதைத் தந்த பொருளின் புள்ளிக்குக் கோடு இழுத்து, செடிக்கும் பென்குயினுக்கும் இழுத்த கோடுகள் சூரியனின் இடத்தில் சந்திக்கின்றனவா என்று பார்த்தால்தான் அந்தப் பிழை பிடிபடும். நேரம் குறைவாக இருந்தால், அந்தக் கோடுகளைவிடப் பாதத்தின் இடுக்குக்கும் வயிற்றின் நிறத்துக்குமே அதைச் செலவழிப்பேன்.