கைபேசிப் பணமும் கிராமக் கடைக்காரரும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் கீழ்த்திசையில் உள்ள கென்யா நாட்டில், 2007-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் எம்-பெசா. 'பெசா' என்பதற்கு அந்நாட்டுச் சுவாகிலி மொழியில் பணம் என்பது பொருள். வங்கிக் கணக்கே இல்லாத ஏழைக் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்குள் பெருமளவில் இம்முறையைக் கைக்கொண்டன. இஃது எவ்வாறு நடந்தது என்பதும், அதில் எந்த இடம் பலமானது, எந்த இடம் பலவீனமானது என்பதும் நம் ஊராட்சி உறுப்பினர்கள் அறியத்தக்கவை.

அதற்கு முன்பு, தலைநகராகிய நைரோபியில் கூலி வேலை செய்பவர், ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டுமாயின், பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குச் செல்லும் உறவினரிடமோ கொடுத்தனுப்புவார். அல்லது தபால் நிலையத்தை நாடுவார். பணம் வழியில் காணாமற் போவதும் உண்டு. காலங்கடந்து சேர்வதும் உண்டு. 2005-இல் சோதனை தொடங்கியபோது, சிறு கடன் பெற்றவர்கள் தவணையைக் கைபேசி மூலம் கட்டுவதே நோக்கமாக இருந்தது. ஆனால் மக்களோ அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பவே பயன்படுத்தினார்கள். அதைக் கண்டுதான் திட்டத்தின் போக்கே மாற்றி அமைக்கப்பட்டது.

முறை எவ்வாறு இயங்குகிறது?

இதற்கு விலையுயர்ந்த கைபேசி வேண்டியதில்லை. பொத்தான் வைத்த எளிய கருவியே போதும். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்து கொண்டவர், அருகிலுள்ள கடைக்குச் சென்று ரொக்கத்தைக் கொடுக்கிறார். கடைக்காரர் அதே அளவு தொகையைத் தம் கைபேசிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றுகிறார். உடனே குறுஞ்செய்தி வருகிறது. பிறகு அவர் தம் இரகசிய எண்ணை அழுத்தி, ஊரிலுள்ள தாயின் எண்ணுக்கு அதை அனுப்புகிறார். தாய் தம் ஊர்க் கடைக்காரரிடம் சென்று ரொக்கமாகப் பெறுகிறார். மக்கள் போட்ட பணத்துக்கு ஈடான தொகை, நம்பிக்கைப் பொறுப்பாக வங்கிகளில் தனியே வைக்கப்பட்டிருக்கும். பணம் போடுவதற்குக் கட்டணம் இல்லை. அனுப்பவும் எடுக்கவும் கட்டணம் உண்டு. கடைக்காரருக்குக் கழிவு கிடைக்கும்.

ஆகவே, கைபேசி செய்வது கணக்கை மாற்றுவது மட்டுமே. கணக்கை ரொக்கமாகவும் ரொக்கத்தைக் கணக்காகவும் மாற்றித் தருபவர் கடைக்காரரே. அவரை முகவர் என்பர். இம்முறையின் உயிர்நிலை அவரிடந்தான் இருக்கிறது.

முகவரின் இரண்டு பெட்டிகள்

முகவருக்கு இரண்டு பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று ரொக்கப் பெட்டி. மற்றொன்று கைபேசியில் உள்ள இருப்பு. விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராமத்து முகவர் 60,000 ஷில்லிங் முதல் போட்டுத் தொழில் தொடங்குகிறார். ரொக்கம் 30,000, கைபேசி இருப்பு 30,000. மாதத் தொடக்கத்தில் நகரத்திலிருந்து பணம் வந்து சேர்கிறது. காலை முதல் பத்துப் பேர், ஆளுக்கு 3,000 வீதம் எடுக்கிறார்கள். நண்பகலுக்குள் ரொக்கம் முழுவதும் தீர்ந்து விட்டது. கைபேசி இருப்போ 60,000 ஆகிவிட்டது. அவருடைய முதலில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும், பதினோராவதாக வருபவருக்கு அவரால் பணம் தர இயலாது. அவர் கடையை அடைத்துவிட்டு, நகரத்து வங்கிக்குச் சென்று, இருப்பை ரொக்கமாக்கித் திரும்ப வேண்டும். வழிச்செலவு, போய்வரும் நேரத்தில் இழக்கும் வியாபாரம், வழியில் கொள்ளை பயம் ஆகியவை அவரைச் சேர்ந்தவை. நகரத்து முகவருக்கோ இதற்கு நேர்மாறான தொல்லை. எல்லோரும் பணம் போடவே வருவதால், அவருடைய கைபேசி இருப்பு தீர்ந்துபோகும்.

மளிகைக் கடை நடத்துபவர் நல்ல முகவராக இருப்பதன் காரணம் இதுவே. அன்றாட விற்பனையால் அவர் கல்லாவில் ரொக்கம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. தனியாக முகவர் வேலை மட்டும் செய்பவருக்கு அவ்வசதி இல்லை.

கண்ட பலன்

தவ்னீத் சூரி, வில்லியம் ஜேக் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். நோயோ பயிரிழப்போ வேலையிழப்போ நேர்ந்தபோது, எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு சுமார் 7 விழுக்காடு குறைந்தது. அதைப் பயன்படுத்திய குடும்பங்களில் அவ்வாறு குறையவில்லை என்று 2014-இல் அவர்கள் எழுதினர். துன்பம் நேர்ந்தபோது தொலைவிலிருந்த உறவினரின் உதவி விரைவாக வந்து சேர்ந்ததே காரணம். 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1,94,000 குடும்பங்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக மதிப்பிட்டனர். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குப் பலன் அதிகமாயிருந்தது. அவர்கள் அளந்தது எத்தனை பேரிடம் கைபேசி இருந்தது என்பதையன்று. வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் முகவர்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பதையே.

எனினும், பணம் அனுப்பும் வசதி வேறு, கடன் வேறு. 2012-இல் இக்கணக்குடன் இணைத்துச் சிறு கடன் தரும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 30 நாளுக்கு 7.5 விழுக்காடு கட்டணம் இருந்தது. 2,000 ஷில்லிங் வாங்கியவர், மாத முடிவில் 2,150 கட்ட வேண்டியிருந்தது. கட்டணம் சிறிதாகத் தோன்றும். ஆனால் அதே கடனை மாதந்தோறும் கட்டி, மீண்டும் மீண்டும் வாங்கினால், ஓராண்டில் கட்டணம் மட்டும் 1,800 ஷில்லிங் ஆகிவிடும். பொத்தானை அழுத்தியவுடன் கிடைக்கும் கடனுக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தல் நலம்.

நம் ஊரில் இதன் பொருள்

நம் நாட்டு முறை சற்று வேறானது. இங்கே யூபிஐ வழியாகப் பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கே செல்கிறது. எளிய கைபேசி வைத்திருப்போருக்காக 2022 மார்ச்சில் '123பே' என்ற வசதியும் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் ரொக்கம் வேண்டும் முதியவருக்கும் கூலியாளுக்கும் இங்கேயும் ஓர் இடைநிலையாளர் தேவை. அவரே வங்கித் தொடர்பாளர். விரல்ரேகை வைத்ததும், தம் கையிலுள்ள ரொக்கத்தை அவர் தருகிறார்; அத்தொகை அவர் கணக்கில் வரவாகிறது. எனவே, அந்த இரண்டு பெட்டித் தொல்லை இவருக்கும் உண்டு.

உதவித்தொகை வரும் நாளில் 'இன்று பணம் இல்லை, நாளை வாருங்கள்' என்று அவர் சொல்வாராயின், அது எப்பொழுதும் ஏமாற்று ஆகாது, ரொக்கம் தீர்ந்திருக்கலாம். எந்த நாட்களில், எந்த நேரத்தில் தீர்கிறது என்பதை ஊராட்சி உறுப்பினர் இரண்டு மாதங்கள் குறித்து வைத்து, வங்கிக் கிளை மேலாளரிடம் காட்டினால், அந்நாட்களில் கூடுதல் ரொக்கத்துக்கு ஏற்பாடு செய்யுமாறு ஆதாரத்துடன் கேட்க முடியும்.

வேறொன்று உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை சில வேளை பதிவதில்லை. அதனால் மீண்டும் மீண்டும் விரலை வைக்கச் சொல்வது இயல்பே. ஆனால் 'பதியவில்லை' என்று சொல்லப்பட்ட முயற்சியிலேயே கணக்கில் பற்று விழுந்திருக்கவும் கூடும். இதைக் கண்டுகொள்ளும் வழி எளிது. ஒவ்வொரு முயற்சிக்கும், தோல்வியானாலும், அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு கணக்குப் புத்தகத்தைப் பதிந்து, சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். கைக்கு வராத தொகை பற்றாகியிருந்தால், அச்சீட்டுடன் தம் கணக்குள்ள வங்கிக் கிளையில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. 'பணம் வர எண்ணை அழுத்துங்கள்' என்று எவரேனும் சொன்னால், அவர் எடுக்க முயல்கிறார் என்றே கொள்ள வேண்டும்.